நடுச்சாமத்தில் எழும்புவதும் விடியற்புறம் எழும்புவதும்: நித்திரைச் சுற்றை அறிந்து எழும்பும் நேரத்தைத் தீர்மானிக்கும் முறை

ஒட்டுசுட்டானுக்கு அப்பால், முத்தையன்கட்டுக் குளத்து நீரில் விளையும் வயல் ஒன்றில், பெரும்போகக் கதிர் முற்றும் நாட்களில் என் மைத்துனர் இரவுக் காவல் இருப்பார். யானை வரும் வயல் என்பதால் காவல் கொட்டிலில் எப்போதும் இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் விழித்திருக்க மற்றவர் நித்திரை கொள்வார். சென்ற போகத்தில் ஒரு நாள் அவர் என்னிடம் ஒரு கணக்குக் கேட்டார். "அத்தான், ஒன்பது மணிக்குப் படுத்த என்னைப் பதினொன்றரைக்கு எழுப்பினால் எங்கே படுத்திருக்கிறன் என்றே விளங்குதில்லை. டோர்ச்சை எங்கே வைத்தேன் என்று தெரியாமல் தடவுறன். ஆனால் ஒரு நாள் பத்தேமுக்காலுக்கு யானைச் சத்தம் கேட்டு எழும்பினன், ஒரு கலக்கமும் இல்லை. குறைய நித்திரை கொண்டால் கஷ்டம் கூடத்தானே வேணும்?"

நான் இளைப்பாறும் வரை வைத்தியசாலையில் தாதி உத்தியோகத்தராக இருந்தவன். இரவுக் கடமையில் இதே கேள்வி எனக்கும் வந்ததுண்டு. அவருக்குச் சொன்ன விளக்கத்தையும், அதன்படி நாங்கள் அவருடைய காவல் நேரத்தை மாற்றியமைத்த விதத்தையும் இங்கே முறையாக எழுதுகிறேன். வயற்காவலுக்கு மட்டுமன்றி, விடியற்புறம் முதல் பஸ் பிடிப்பவர்களுக்கும், கடலுக்குப் போகிறவர்களுக்கும், நான்கு மணிக்கு எழும்பிப் படிக்கும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

நித்திரைக்குள் என்னென்ன நிலைகள் உள்ளன

நித்திரை என்பது விளக்கை அணைத்தாற்போல ஒரே இருளாக வந்து விடியும்வரை அப்படியே கிடப்பது அன்று. தலையில் சிறு மின்முனைகளை ஒட்டி மூளையின் மின்னலைகளை வரைந்து பார்க்கும்போது, இரவு முழுவதும் நான்கு நிலைகள் மாறி மாறி வருவது தெரிகிறது.

முதலாம் நிலை சில நிமிடங்களே நீடிக்கும் வாசல். பெயர் சொல்லி அழைத்தால் உடனே "நான் நித்திரை கொள்ளவில்லை" என்று சொல்லுகிற நிலை இதுதான். படியில் கால் தவறினாற்போல உடம்பு ஒருமுறை துள்ளுவதும் பெரும்பாலும் இங்கேதான். அடுத்து வரும் இரண்டாம் நிலை உண்மையான நித்திரை. இரவின் ஏறக்குறையப் பாதி இதிலேயே கழிகிறது. அலை வரைவில் இடையிடையே சிறு துடிப்புக்கற்றைகள் தோன்றும். வெளிச்சத்தங்கள் ஓரளவு வடிகட்டப்படும். ஆனாலும், தன் பெயரைக் கேட்டால் மூளை மற்றச் சத்தங்களுக்குக் காட்டுவதைவிடக் கூடுதலான அசைவைக் காட்டும்.

மூன்றாம் நிலையே ஆழ்ந்த நித்திரை. மூளையின் புறணியிலுள்ள நரம்புக்கலங்கள் பெருந்தொகையாக ஒன்றுசேர்ந்து துடித்து, ஒன்றுசேர்ந்து ஓய்ந்து, விநாடிக்கு ஓரிரு அலை என்ற அளவில் பெரிய, மெதுவான அலைகளை எழுப்புகின்றன. மூளைக்குச் செல்லும் இரத்தவோட்டம் விழிப்பில் உள்ளதைவிடக் குறைந்து போகிறது. இந்நிலையில் ஒருவரை எழுப்புவதுதான் மிகக் கடினம். உடம்பு வளர்வதற்கும் பழுது திருத்துவதற்கும் வேண்டிய வளர்ச்சி ஓமோன் பெருமளவில் சுரப்பதும் இரவின் முதல் ஆழ்ந்த நித்திரையோடு சேர்ந்தே நிகழ்கிறது.

நான்காவது, கனவு நிலை. மூடிய இமைக்குள் கண்மணி விரைந்து அங்குமிங்கும் அசையும். கை கால் தசைகள் தளர்ந்து செயலற்றுக் கிடக்கும். மூச்சும் நாடித்துடிப்பும் ஒழுங்கு மாறும். ஆனால் மூளையோ விழித்திருப்பவருடைய மூளையைப் போலவே சுறுசுறுப்பாக இருக்கும். சிக்காகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கியும் நத்தானியல் கிளைட்மனும் இந்நிலையை 1953 இல் உலகுக்கு அறிவித்தார்கள். அதுவரை நித்திரை என்றால் மூளை ஓய்ந்து கிடப்பது என்றே பெரும்பாலோர் கருதியிருந்தனர். மற்ற நிலைகளிலும் கனவு வருவதுண்டு என்றாலும், கதைபோல நீண்டு செல்லும் தெளிவான கனவுகள் மிகுதியாக வருவது இங்கேயே என்பதால், இக்கட்டுரையில் இதைக் கனவு நிலை என்றே அழைக்கிறேன்.

முதலாம் நிலையிலிருந்து இறங்கி, ஆழ்ந்து, மீண்டும் இரண்டாம் நிலைக்கு ஏறி, ஒரு கனவு நிலையோடு முடிவதே ஒரு நித்திரைச் சுற்று. இரவில் நான்கு முதல் ஆறு சுற்றுகள் வரும். ஒரு சுற்றுக்கு 90 நிமிடம் என்று சொல்வது வழக்கம்; அது வெறும் சராசரி. 70 நிமிடத்தில் முடியும் சுற்றும் உண்டு, 120 நிமிடம் வரை நீளும் சுற்றும் உண்டு, ஒரே ஆளுக்கு ஒரே இரவிலும் சுற்றுக்குச் சுற்று நீளம் மாறும். இதை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டிவரும்.

இரவு போகப்போக எது மாறுகிறது

எல்லாச் சுற்றும் ஒரே அச்சில் வார்த்தவை என்று எண்ணிக்கொள்வதே பலரும் செய்யும் தவறு. முதற் சுற்றில் ஆழ்ந்த நித்திரை மிகுதியாகவும் கனவு நிலை ஐந்து நிமிடம் அளவாகவும் இருக்கும். சில இரவுகளில் முதற் கனவு நிலை வராமலே போவதும் உண்டு. இரண்டாம் சுற்றில் ஆழ்ந்த நித்திரை சுருங்குகிறது. மூன்றாவதில் அது சிறு துண்டாகிறது. விடிவதற்கு முந்திய கடைசி இரண்டு சுற்றுகளில் அது பெரும்பாலும் இல்லை. அவ்விடத்தை இரண்டாம் நிலையும், அரை மணித்தியாலத்துக்கும் மேல் நீளக்கூடிய கனவு நிலையும் பங்கிட்டுக்கொள்கின்றன. ஆகவே ஆழ்ந்த நித்திரை என்பது முன்னிரவின் சொத்து. கனவு நிலை பின்னிரவின் சொத்து. சிறுபிள்ளை எழும்பி நடப்பதும், கண்ணைத் திறந்தபடி வீரிட்டு அழுது காலையில் ஒன்றும் நினைவில்லாமல் இருப்பதும் படுத்த முதல் சில மணித்தியாலங்களில் நிகழ்வதும், கெட்ட கனவு கண்டு விழித்து அதை விவரமாகச் சொல்வது பெரும்பாலும் விடியப்புறத்தில் நிகழ்வதும் இதனாலேயே.

இப்படிப் பங்கு மாறுவதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. இரண்டும் ஒன்றோடொன்று கலந்து வேலை செய்தாலும் தனித்தனியானவை. இந்த இரட்டைக் காரண விளக்கத்தை 1982 இல் அலெக்சாண்டர் போர்பெலி என்னும் சுவிஸ் ஆய்வாளர் வகுத்தார்.

ஒன்று, நித்திரைக் கடன். விழித்திருக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் இக்கடன் ஏறுகிறது. மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்வது இதன் ஒரு பகுதி. குளத்தில் நீர் நிறைந்திருக்கையில் துருசைத் திறந்தால் முதலில் வேகமாகப் பாய்ந்து, மட்டம் இறங்க இறங்கப் பாய்ச்சல் தளர்வது போல, படுத்தவுடன் வரும் ஆழ்ந்த நித்திரையில் கடன் விரைவாக இறங்குகிறது. பின்னர் ஆழ்வதற்கான உந்துதலே குறைந்துவிடுகிறது. ஆழ்ந்த நித்திரையின் அளவைத் தீர்மானிப்பது மணிக்கூடு காட்டும் நேரத்தைவிட, அதற்குமுன் எத்தனை மணித்தியாலம் விழித்திருந்தோம் என்பதே ஆகும்.

மற்றது, உடலின் உட்கடிகாரம். உடம்பின் உள்வெப்பம் நாளொன்றுக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது. ஒருவர் வழக்கமாக எழும்பும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணித்தியாலம் முன்னர் அது ஆகக் குறைந்த மட்டத்தைத் தொடுகிறது. கனவு நிலை இக்கடிகாரத்தோடு கட்டுண்டது. உள்வெப்பம் அடிமட்டத்தைத் தொட்டு ஏறத் தொடங்கும் நேரத்தை ஒட்டியே அது மிகுதியாகிறது. எனவே நள்ளிரவு தாண்டிப் படுத்தவருக்கும் விடியப்புறத்தில் கனவு நிலை வந்தே தீரும். ஆனால் படுத்த உடனே ஆழ்ந்த நித்திரையும் வரும். இரண்டும் குறைந்த நேரத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்.

சுற்றின் முடிவில் எழும்புவது ஏன் இலகுவாக இருக்கிறது

எழும்பியவுடன் வரும் நித்திரைக் கலக்கம் சோம்பல் அன்று. கண் திறந்துவிட்டாலும் மூளை முழுவதும் ஒரே கணத்தில் விழிப்பதில்லை. மூச்சு, நாடி, விழிப்பு ஆகியவற்றை நடத்தும் மூளைத் தண்டு முந்திக்கொள்கிறது. திட்டமிடுதல், தீர்மானித்தல், தவறைக் கண்டறிதல் ஆகிய வேலைகளுக்குரிய நெற்றிப் பகுதி பிந்தி வருகிறது. அங்கே இரத்தவோட்டம் பழைய அளவுக்குத் திரும்பச் சில வேளைகளில் அரை மணித்தியாலம் வரை செல்லும். கலக்கம் வழக்கமாக 15 முதல் 30 நிமிடத்துக்குள் தெளியும். பல இரவு நித்திரை கெட்டவருக்கு அதைவிட நீளும்.

ஆழ்ந்த நித்திரையின் நடுவில் எழுப்பப்பட்டவர் இந்தப் பாதை முழுவதையும் ஏற வேண்டியிருக்கிறது. ஒன்றுசேர்ந்து ஓய்ந்து துடித்துக்கொண்டிருந்த கலங்கள் தத்தம் தனி வேலைக்குப் பிரிய வேண்டும். குறைந்திருந்த இரத்தவோட்டம் கூட வேண்டும். மெதுவான அலைகள் கண் திறந்த பின்னரும் சிறிது நேரம் எஞ்சி நிற்கும். கனவு நிலையின் முடிவிலோ மூளை ஏற்கெனவே விழிப்புக்கு அருகில் இயங்கிக்கொண்டிருக்கிறது. அதுமட்டுமன்றி, ஒரு சுற்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் இயல்பாகவே சில விநாடி விழிப்பு அடிக்கடி வருகிறது. நாம் புரண்டு படுப்பதும், போர்வையை இழுத்துக்கொள்வதும் அப்போதுதான். அடுத்த கணமே மறுபடியும் அமிழ்ந்துவிடுவதால் காலையில் அது நினைவில் இருப்பதில்லை. அவ்வேளையில் அலாரம் அடித்தால், பாதி திறந்திருந்த கதவைத் தள்ளுவது போலாகிறது.

என் மைத்துனரின் கணக்கு இங்கே தீர்கிறது. பத்தேமுக்காலுக்கு அவர் குறைய நித்திரை கொண்டிருந்தார், ஆனால் சுற்றின் முடிவில் இருந்தார். பதினொன்றரைக்கு முக்கால் மணித்தியாலம் கூட நித்திரை கொண்டிருந்தார், ஆனால் இரண்டாம் சுற்றின் ஆழத்தில் இருந்தார்.

ஓர் இரவை நிமிடக் கணக்கில் பார்த்தல்

அவருக்காக நான் ஒரு கொப்பித் தாளில் வரைந்த இரவு இது. மின்முனை ஒட்டி அளந்தது அன்று. நடுத்தர வயதுள்ள ஒருவருடைய இரவின் பொதுப் போக்கை வைத்து வரைந்தது. 9:00 மணிக்குப் படுத்து 9:15 க்கு நித்திரை வந்தது என்று கொள்வோம்.

முதற் சுற்று 9:15 முதல் 10:45 வரை. அதில் 9:40 முதல் 10:30 வரை, ஏறக்குறைய 50 நிமிடம், ஆழ்ந்த நித்திரை. முடிவில் ஐந்து நிமிடக் கனவு நிலை. இரண்டாம் சுற்று 12:30 வரை நீள்கிறது; 11:10 முதல் 11:45 வரை ஆழ்ந்த நித்திரை, முடிவில் கால் மணித்தியாலம் கனவு நிலை. மூன்றாவது 2:10 இல் முடிகிறது. ஆழ்ந்த நித்திரை பத்துப் பன்னிரண்டு நிமிடம் மட்டும். நான்காவது 3:45 வரை, ஐந்தாவது 5:10 வரை. இவ்விரண்டிலும் ஆழ்ந்த நித்திரை இல்லை, கனவு நிலை ஒவ்வொன்றிலும் அரை மணித்தியாலம் அல்லது சற்று மேல்.

இப்போது இணையத்தில் எங்கும் காணப்படும் 90 நிமிடக் கணக்கை இதன்மேல் வைத்துப் பார்ப்போம். 9:15 இலிருந்து 90 நிமிடம் கூட்டிக்கொண்டே போனால் 10:45, 12:15, 1:45, 3:15, 4:45 என்று வரும். முதலாவது சரியாகப் பொருந்துகிறது. அதன் பின்னர் ஒவ்வொன்றும் உண்மையான முடிவுக்கு 15 முதல் 30 நிமிடம் முன்னே விழுகிறது. சுற்றின் நீளம் மாறிக்கொண்டே இருக்கையில் கூட்டற் கணக்கு பிசகாமல் இருக்க வழியில்லை. ஐந்தாம் சுற்றுக்கு வரும்போது பிழைகள் எல்லாம் சேர்ந்துவிடும்.

ஆனாலும் 4:45 க்கு எழும்பியவர் நல்லபடியாகவே எழும்புவார், கணக்குப் பலித்தது என்றும் சொல்வார். அது பலித்ததன் காரணம் கணக்கு அன்று. பின்னிரவில் விழுந்து அமிழ்வதற்கு ஆழமே இல்லை என்பதே காரணம். கணக்கு உண்மையில் வேண்டியிருப்பது முன்னிரவில். அங்கேதான் அது கவிழ்த்துவிடும். நித்திரை வர இருபது நிமிடம் பிந்தினால், அதே 10:45 முதற் சுற்றின் ஆழ்ந்த பகுதிக்குள் போய் விழும். எப்போது நித்திரை வந்தது என்பதை நித்திரை கொண்டவரே துல்லியமாகச் சொல்ல முடியாது என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ஆகவே 90 இன் பெருக்கங்களைத் துரத்துவதை விட்டு, ஆழ்ந்த நித்திரை முடிந்த பகுதியில் எழும்பும் நேரத்தை வைப்பதே செய்யத்தக்கது என்பது என் தீர்மானம்.

உங்கள் நேரத்தைக் கண்டுபிடிக்கும் படிகள்

முதலாவதாக, எழும்பும் நேரத்தை நிலைநிறுத்துங்கள். படுக்கும் நேரத்தை அதற்கேற்ப நகர்த்துங்கள். பலர் இதை மாறிச் செய்கிறார்கள். எழும்பும் நேரம் நாளுக்கு நாள் மாறினால் உட்கடிகாரம் எதை ஆயத்தம் செய்வது என்று அறியாது. அது நிலையாக இருந்தால், விடியுமுன்னரே உள்வெப்பமும் கோர்ட்டிசோல் என்னும் ஓமோனும் உயரத் தொடங்கி, அலாரத்துக்குச் சில நிமிடம் முன்னரே கண் திறப்பது வழக்கமாகும். ஞாயிற்றுக்கிழமையும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பிந்த வேண்டாம்.

இரண்டாவதாக, எட்டுப் பத்து நாள் அலாரம் இல்லாமல் எழும்பிப் பார்க்க வேண்டும். பாடசாலை விடுமுறை, அறுவடை முடிந்து அடுத்த விதைப்புக்கு முந்திய நாட்கள் போன்ற காலம் இதற்கு ஏற்றது. முதல் மூன்று நாள் கணக்கில் சேர்க்கத் தகாது; அப்போது பழைய கடனை அடைக்க உடம்பு நீண்ட நேரம் நித்திரை கொள்ளும். பின்வரும் நாட்களில் படுத்த நேரம், தானாக விழித்த நேரம், எழும்பிப் பத்தாவது நிமிடத்தில் தலை எப்படி இருந்தது என்பதை ஒன்று முதல் ஐந்து வரை ஒரு புள்ளி, இம்மூன்றை மட்டும் கலண்டர்த் தாளில் எழுதுங்கள். எழும்பிய கணத்திலேயே புள்ளி போடாதீர்கள்; அந்தக் கணத்தில் நன்றாக நித்திரை கொண்டவருக்கும் படுக்கை இனிக்கும்.

மூன்றாவதாக, அந்நாட்களின் சராசரி நித்திரை அளவை எடுத்துக்கொண்டு, எழும்ப வேண்டிய நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணிப் படுக்கும் நேரத்தைக் குறியுங்கள். அந்த நேரத்துக்கு ஒரு கிழமை படுத்துப் பாருங்கள். காலைப் புள்ளி குறைவாகவே இருந்தால், படுக்கும் நேரத்தை 15 நிமிடம் முன்னே நகர்த்தி இன்னுமொரு கிழமை பாருங்கள். ஒரே இரவில் ஒரு மணித்தியாலம் முந்திப் படுத்தால் நித்திரை வராது. மாலை நேரத்தில் உட்கடிகாரம் விழிப்பைத் தாங்கிப் பிடித்திருக்கும், புரண்டுகொண்டு கிடப்பீர்கள்.

சுற்று முடிவில் எழும்ப வேண்டும் என்பதற்காக நித்திரையை வெட்டுவதே நான் அதிகம் காணும் தவறு. ஏழரை மணித்தியாலத்துக்கு வழியில்லை, ஏழு மணித்தியாலம் கிடைக்கும் என்றால், "அரைச் சுற்றில் எழும்பக் கூடாது" என்று ஆறு மணித்தியாலத்துக்கு அலாரம் வைக்கிறார்கள். அந்த ஏழாவது மணித்தியாலத்தில் ஆழ்ந்த நித்திரை இருக்க வாய்ப்புக் குறைவு. ஆகவே தவிர்க்க எண்ணிய ஆபத்து அங்கே இல்லை, இழந்ததோ ஒரு மணித்தியாலம். அதுவும் கனவு நிலை நிறைந்த மணித்தியாலம். உயர்தரப் பரீட்சைக்குப் பதினொரு மணி வரை படித்துவிட்டு நான்கு மணிக்கு எழும்பும் பிள்ளைகளுக்கு நேர்வதும் இதுவே. ஆழ்ந்த நித்திரையை அவர்கள் பெரும்பாலும் பெற்றுவிடுகிறார்கள், கனவு நிலையின் பெரும்பங்கு விடியற்புறத்தில் பறிபோகிறது. இளவயதில் உட்கடிகாரம் இயல்பாகவே பிந்தி ஓடுவதால், நான்கு மணி அவர்களுக்கு உள்வெப்பம் அடிமட்டத்தில் இருக்கும் நேரமாகவும் அமைந்துவிடுகிறது. எந்த நிலையிலிருந்து எழும்பினாலும் அந்த நேரம் கலக்கத்தைக் கூட்டும்.

சுற்றைக் கண்டுபிடித்து எழுப்புவதாகச் சொல்லும் கைக்கடிகாரங்களும் கைத்தொலைபேசிச் செயலிகளும் மூளை அலையைப் பார்ப்பதில்லை. அசைவையும், சிலவற்றில் நாடித்துடிப்பையும் வைத்து ஊகிக்கின்றன. நித்திரையா விழிப்பா என்பதை ஓரளவு சரியாகச் சொல்லும். எந்த நிலை என்பதில் அவற்றை நம்பி முடிவெடுக்க முடியாது. எழும்பும் நேரத்துக்கு முந்திய இருபது முப்பது நிமிடத்துக்குள் அசைவைக் கண்டவுடன் எழுப்புவது மட்டும் நியாயமான உபாயம். புரண்டு படுக்கும் வேளை பெரும்பாலும் மென்மையான நித்திரைதான்.

பகற்பொழுதில் கண்ணயர்வதற்கும் இதே விதி. வெயில் நேரத்தில் வேப்பமர நிழலில் 20 நிமிடம் படுத்து எழும்பினால் இரண்டாம் நிலையோடு தப்பிவிடலாம். முக்கால் மணித்தியாலத்தில் எழும்பினால் ஆழத்தின் நடுவிலிருந்து எழும்பியதாகும். பின்னேரம் முழுவதும் தலை பாரமாக இருக்கும். முந்திய இரவு விழித்திருந்தவருக்கு இந்த 20 நிமிடக் கணக்கும் பொருந்தாது, அவர் படுத்த சில நிமிடத்திலேயே ஆழ்ந்துவிடுவார். அவருக்கு நேரம் இருந்தால் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் விட்டுவிடுவதே நல்லது.

ஆழத்தின் நடுவில் எழும்பத்தான் வேண்டுமென்றால்

வயலுக்கு இது முக்கியமானது. யானை சுற்றுப் பார்த்து வருவதில்லை. ஆழ்ந்த நித்திரையிலிருந்து எழுப்பப்பட்டவர் நடப்பார், பேசுவார், கேட்டதற்கு மறுமொழியும் சொல்வார். ஆனால் தீர்மானிக்கும் பகுதி இன்னும் வந்து சேராததால் அவருடைய கணிப்பு பிசகியிருக்கும். அதிலும் தான் பிசகியிருப்பதை அவர் அறியமாட்டார். யானை வெடியைப் பற்றவைத்துக் கையிலேயே சற்றுக் கூடுதலாக வைத்திருக்க அதுவே போதும். ஆகவே கொட்டிலில் நாங்கள் வைத்த விதி: வெடியும் நெருப்பும் விழித்திருந்தவருடைய கையில் மட்டும், எழுப்பப்பட்டவர் முதல் கால் மணித்தியாலம் டோர்ச் பிடிப்பார், குரல் கொடுப்பார், மோட்டார் சைக்கிளைத் தொடமாட்டார்.

கலக்கத்தை விரைவாகத் தெளிவிக்கும் வழிகளில் பிரகாசமான வெளிச்சமும் கஃபீனும் ஓரளவு உதவும். முகத்தில் குளிர்ந்த நீர் ஊற்றுவது சில நிமிட உற்சாகம் தரும், அவ்வளவே. பிளேன்ரீயோ கோப்பியோ குடித்தால் வேலை செய்ய இருபது முப்பது நிமிடம் ஆகும். அது அடினோசின் அமரும் இடத்தை மறைக்கிறதே தவிரக் கடனை அடைப்பதில்லை. குடித்ததில் ஏறக்குறையப் பாதி ஐந்து மணித்தியாலத்தின் பின்னும் உடம்பில் இருக்கும். எனவே காவல் முடிந்து படுக்கப் போகிறவர் கடைசி இரண்டு மணித்தியாலத்தில் குடித்தால் தன் முறை நித்திரையைத் தானே கெடுத்துக்கொள்கிறார்.

சுற்றோடு தொடர்பில்லாத சோர்வு

போதிய நேரம் நித்திரை கொண்டும், நேரத்தை நிலைநிறுத்தியும், மூன்று நான்கு கிழமையாகக் காலைப் புள்ளி ஏறவில்லை என்றால் சுற்றைக் குறை சொல்வதை நிறுத்துங்கள். உரத்த குறட்டை, இடையில் மூச்சு நின்று திணறி எழும்புதல், காலையில் தலையிடி, பகலில் இருந்த இடத்தில் கண் சொருகுதல் ஆகியவை சேர்ந்திருந்தால் அது நித்திரையில் மூச்சுத் தடைப்படும் நோயாக இருக்கலாம். பக்கத்தில் படுப்பவரை அழைத்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள், பார்த்தவர் அவர்தான். மதுபானம் நித்திரையை விரைவில் வரவழைத்தாலும் முன்னிரவில் கனவு நிலையை அமுக்கி, பின்னிரவில் நித்திரையைத் துண்டு துண்டாக உடைக்கிறது. வயது ஏறும்போது ஆழ்ந்த நித்திரை குறைவது இயல்பு. அறுபது கடந்தவர் இரவில் பலமுறை விழிப்பதை மட்டும் நோயென்று கருத வேண்டியதில்லை. வன்னியில் இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. நடந்தவற்றை மீண்டும் காண்பது போன்ற கனவில் வியர்த்து விழித்து, அதற்கு அஞ்சியே படுக்கப் பிந்துகிறவர்கள் நம்மிடையே பலர். அவர்களுக்கு நேரக் கணக்கு மருந்தாகாது. அதற்கெனச் சிகிச்சைகள் உண்டு. உளநல வைத்தியரிடம் கேட்க வேண்டியது அது.

கொட்டிலில் மாற்றிய முறை

முன்னர் இருவரும் இரண்டரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை முறை மாற்றினார்கள். நியாயமாகத் தோன்றினாலும், ஒவ்வொரு மாற்றமும் ஒருவரை ஆழத்திலிருந்து பிடுங்கியது, மறுபடி படுத்தபோது நித்திரை வரவும் நேரம் பிடித்தது. இப்போது இரவு இரண்டே துண்டு. மைத்துனர் 8:30 க்குப் படுத்து 1:00 மணிக்கு எழும்புகிறார். ஆழ்ந்த நித்திரையில் பெரும்பங்கு அதற்குள் முடிந்துவிடும். கூட்டாளி 1:00 மணிக்குப் படுத்து 5:30 க்கு எழும்புகிறார். இருவரும் வீட்டுக்குப் போய் முற்பகலில் ஒன்றரை மணித்தியாலம் மீண்டும் படுக்கிறார்கள். முறையை நாளுக்கு நாள் மாற்றாமல் கிழமைக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள்.

கூட்டாளிக்கு இதில் ஒரு பலவீனம் உண்டு. முற்பகல் நித்திரைக்குப் பின் விழித்திருந்து நடுச்சாமம் கழிந்து படுப்பதால், அவருடைய நித்திரைக் கடன் உச்சத்தில் இருக்கும், படுத்தவுடனேயே ஆழ்ந்துவிடுவார். 1:15 முதல் 2:30 வரை அவரை எழுப்புவது ஆகக் கடினம். தைப்பொங்கலுக்கு முந்திய கிழமை, 1:40 மணிக்கு, வடக்கு வரம்பில் ஒற்றை யானை இறங்கியது. மைத்துனர் அவரைத் தட்டி எழுப்பினார். எழும்பியவர் டோர்ச்சை வாங்கி, அணைந்தபடியே வயலை நோக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். வெடியை மைத்துனரே போட்டார். யானை காட்டுக்குள் போன பின்னர்தான் கூட்டாளி, "மச்சான், டோர்ச் எரியுதில்லை" என்று சொன்னாராம். கொப்பித் தாளில் அந்த நேரத்துக்கு எதிரே ஒன்று என்று புள்ளி போட்டிருக்கிறார்கள்.